தோசைக்கல்லிலும் காந்தம் ஒட்டும்

திருவொற்றியூரில் ஒரு சிறிய வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறேன். வருகிற சரக்கைப் பார்த்து, இன்ன உலோகம் என்று சாக்பீஸால் குறித்து உள்ளே அனுப்ப வேண்டும். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள் என்பதால் நான் எழுதியதை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. அதே பட்டறையில் என் மகன் வெல்டர். தாயும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்வது மற்றவர்களுக்கு வேடிக்கை. எனக்கு அது ஓயாத கவலை. அவன் ஏணியில் ஏறினால், இறங்கும்வரை என் கண் அங்கேயே இருக்கும்.

இதோ சொல்லப்போவது நடந்து ஒரு மாதம் ஆகிறது. பட்டறைத் தரையில் சிமென்ட் பெயர்ந்த இடத்தை இன்னும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

அன்று காலை காசிமேட்டிலிருந்து ஒரு படகுக்காரர் இரண்டு பொருள்களோடு வந்தார். ஒன்று, ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி யாரோ அவருக்கு விற்ற, முனையில் மரை வெட்டிய தண்டு. மற்றொன்று, வலை இழுக்கும் வின்ச்சின் பக்கத்தில் நிற்கும் கனமான ஸ்டாண்டு. பழைய இரும்புக் கடையில் எடுத்தது; பச்சைப் பெயிண்ட் மூன்று நான்கு பூச்சுக்குக் குறையாது.

தண்டின் மரைப் பக்கம் காந்தத்தை லேசாக இழுத்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஏமாத்திட்டானாம்மா? ஸ்டெயின்லெஸ்னா ஒட்டாதுன்னு சொல்வாங்களே?"

"அவசரப்படாதீங்கண்ணே. சில ஸ்டெயின்லெஸ்ஸு, அழுத்தி மரை போட்டா கொஞ்சம் இழுக்கும்."

தண்டை எண்ணெய் போகத் துடைத்து, மயில்துத்தக் கரைசலில் ஒரு சொட்டு வைத்தேன். பக்கத்திலேயே சாதா இரும்புத் துண்டு ஒன்றைத் தேய்த்து அதிலும் ஒரு சொட்டு. கொஞ்ச நேரத்தில் இரும்பின் மேல் செம்பு படிந்து சிவந்தது. தண்டின் மேல் சொட்டு நீலமாகவே நின்றது. துடைத்ததும் பழைய பளபளப்பு. "ஸ்டெயின்லெஸ்தான்," என்றேன். அவர் கும்பிடாத குறை.

அந்தப் பெருமிதத்தோடுதான் ஸ்டாண்டின் பக்கம் திரும்பினேன். அவ்வளவு பெயிண்டையும் மீறிக் காந்தம் 'டக்'கென்று கவ்வியது. எம்.எஸ்., அதாவது சாதா இரும்பு, என்று எழுதி அனுப்பிவிட்டேன். கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை. செய்திருந்தாலும் என் சொட்டு காப்பாற்றியிருக்காது. சாதா இரும்பு போலவே, அடித்தால் உடையும் வார்ப்பிரும்பிலும் செம்பு படியும்.

வேலை இதுதான்: ஸ்டாண்டின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கையில் ஒரு காது, அதாவது துளையிட்ட தகட்டுத் துண்டு, வைத்து வெல்டு பண்ண வேண்டும். காதில் கப்பி தொங்கும். வெல்டு ஆனதும் செயின் பிளாக் மாட்டி, எடை ஏற்றிப் பார்ப்போம். எடை தொங்கும்போது அடியில் தலையை நீட்டி வெல்டை உற்றுப் பார்ப்பது என் மகனின் வழக்கம். எத்தனை முறை திட்டியும் விட்டதில்லை.

காது வைக்க வேண்டிய இடத்தில் பெயிண்டை எடுக்க கிரைண்டிங் ஆள் உட்கார்ந்தார். வியாசர்பாடிக்காரர், என் வயதுதான் இருக்கும். பெயிண்ட் புகைந்து அடங்கியதும் மிஷினை நிறுத்தினார்.

"யக்கா! இத்த யாரு எம்.எஸ்.னு எழுதினது?"

"நான்தான். ஏன்?"

"பொறிய பாத்தியா நீ? சவலப் புள்ள மாதிரி கீது."

"காந்தம் நல்லா ஒட்டுச்சே."

"வூட்ல வார்ப்பு தோசக்கல்லு கீதா? அதுலகூடத்தான் ஒட்டும். அதுக்கும் எம்.எஸ்.னு எழுதி அனுப்பு, உம்புள்ள காது வெச்சிக் குடுப்பான்."

பட்டறையே சிரித்தது. படகுக்காரரும் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. "கிரைண்டர் பிடிக்கிறவங்கல்லாம் மெட்டலர்ஜி சொல்ல ஆரம்பிச்சாச்சு," என்றேன். எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "மெட்டலர்ஜிலாம் எனுக்கு இன்னா தெரியும்? பொறி தெரியும்," என்றார்.

வெல்டிங் ராடைப் பொருத்திக்கொண்டிருந்த என் மகன் அதைக் கீழே வைத்தான். "ஒரு நிமிஷம்மா. பாத்துட்டே போட்டுடலாம்."

விளக்கை அணைத்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றோம். முதலில் எம்.எஸ். பட்டைத் துண்டு ஒன்றில் கிரைண்டிங்காரர் மிஷினை வைத்தார். வெளிர் மஞ்சள் கோடுகளாக, நீளமாக, சுவர் வரைக்கும் பொறி பாய்ந்தது. அடுத்து, பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் ஒன்றின் உடைந்த வார்ப்புத் துண்டு. பொறி கிரைண்டிங் கல்லை விட்டு அதிக தூரம் போகவில்லை. மங்கிய சிவப்பில் கிளம்பி, நுனியில் மட்டும் மஞ்சளாகிக் குட்டையாக அவிந்தது. மூன்றாவதாக, அதே அழுத்தத்தில் ஸ்டாண்டு. மறுபடியும் அதே குட்டைச் சிவப்பு. குருடருக்கும் தெரியும் வித்தியாசம் என்று சொல்லத் தோன்றுகிறது. பெயிண்டின் மேல் காந்தம் வைத்து நான்தான் பார்க்காமல் போனேன்.

படகுக்காரருக்கு அவசரம். "வார்ப்போ எதுவோ, ஒட்டிக் குடுங்க. விடிஞ்சா என் போட்டு கடலுக்குப் போவணும்."

"சாதா ராடுல ஒட்டினா புடிச்ச மாதிரிதான் தெரியும்ணே," என்றான் என் மகன். "ஆறும்போது வெல்டுக்குப் பக்கத்துலயே விரிசல் வுடும். அதுல எடைய தொங்க வுட முடியாது."

"இந்தம்மாவே எம்.எஸ்.னுதான எழுதிச்சி?"

கிரைண்டிங்காரர்தான் பேசினார். "நைனா, நீ சரின்னா ஒரே ஒரு தட்டு. எம்.எஸ்.னா வளையும், நானே நிமித்தித் தர்றேன். வார்ப்புன்னா அதுவே சொல்லிடும்."

படகுக்காரர் யோசித்துத் தலையாட்டினார். கிரைண்டிங்காரர் எல்லாரையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டுச் சம்மட்டியால் ஓர் அடி. வளைகிற பேச்சே இல்லை. அந்தக் கை முழுசாக முறிந்து தரையில் விழுந்து சிமென்டைப் பெயர்த்தது. முறிந்த முகம் சாம்பல் நிறத்தில், பொரபொரவென்று மணல் மணலாக இருந்தது.

அதற்கு அடியில்தான் அவன் தலையை நீட்டியிருப்பான். நான் குறித்துக் கொடுத்த எழுத்தை நம்பி, என் பிள்ளை. ஆக்சிஜன் சிலிண்டர் வண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

படகுக்காரர் முறிந்த துண்டைக் காலால் புரட்டிப் பார்த்தார். "என் தம்பி வின்ச்சாண்ட இதுக்கு நேர் கீழதான் நிப்பான்," என்றார். அதற்குமேல் அவசரம் என்று அவர் சொல்லவில்லை. புது எம்.எஸ். தகட்டிலேயே ஸ்டாண்டு செய்யச் சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தகட்டைக் காந்தம் வைத்தும் பார்த்தேன், பொறி விட்டும் பார்த்தேன். மறுநாள் மாலை எடை ஏற்றியபோது அது அசையவில்லை. என் மகன் அன்று அடியில் போகாமல், கயிறு கட்டி எல்லாரையும் தள்ளி நிறுத்தி, எடையை இறக்கிய பிறகே வெல்டைப் பார்த்தான். நான் சொல்லாமலே செய்தான்.

கிரைண்டிங்காரரிடம் அன்றைக்கே பேசத் தைரியம் வரவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன். வீட்டிலேயே யோசித்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் எங்கோ போய்விட்டன.

"நேத்து உங்கள அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என் புள்ளைய..."

"இன்னாக்கா இதுக்குப்போயி. நீ இன்னா வேணும்னேவா எழுதின?" டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க முடியாமல் திருகிக்கொண்டிருந்தார். "தேங்க்ஸ உம்புள்ளைக்குச் சொல்லு. நான் கத்துனேன், அவந்தான் ராட கீழ வெச்சான். வேற எவனாவதுன்னா போட்டுக்கினே இருந்திருப்பான்."

அது உண்மைதான். ஆனாலும் அவனை நிறுத்தியது இந்த மனிதரின் கண். பட்டறையே கேட்க நான் கேலி பேசிய பிறகும், தான் பார்த்ததை விட்டுக்கொடுக்காமல் நின்றாரே, அதற்கு என்ன சொல்லி நன்றி தீர்ப்பது?

இப்போதெல்லாம் பெயிண்ட் பூசிய இரும்பு எது வந்தாலும் நான் உடனே எழுதுவதில்லை. அவரிடம் தூக்கிக்கொண்டு போகிறேன். ஓரத்தில் லேசாக ஒரு தேய்ப்பு. இருவரும் சேர்ந்து பார்க்கிறோம்.

"இன்னாக்கா தெரியுது?" என்று கேட்கிறார்.

"நீளமா, மஞ்சளா."

"அப்ப எழுது," என்கிறார்.