பொய்ப் படம் என்று எழுதுங்கள்

ஒரு மாணவியின் உம்மாதான் முதலில் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். சொல்ல முடியாமல் திணறினார். "டீச்சர், ஒரு படம் நம்மட வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில வந்திருக்கு. நீங்க இல்லண்டு எனக்குத் தெரியும். ஆனா முகம் உங்கட."

புத்தளம் தில்லையடியில் வீட்டு முன்னறையில் நான் விஞ்ஞான வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. முகம் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் எடுத்த படத்திலிருந்து வந்தது. தலையில் போட்டிருந்த முந்தானை அழிக்கப்பட்டு, உடல் ஏதோ செயலி செய்த நிர்வாண உடலாக இருந்தது. என் பெயரில் திறந்த பொய்க் கணக்கொன்றிலும் அதே படம் கிடந்தது. நான் கதிரையில் உட்கார்ந்தவள் பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை எழும்பவில்லை.

உடன்பிறந்த நானா வந்து, போனை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நாள் கல்பிட்டியில் சாச்சி வீட்டில் இருக்கச் சொன்னார். என் கணவர் பாலாவியில் லொறி ஓட்டுபவர், அதிகம் கதைக்காதவர். அன்று மட்டும் குறுக்கிட்டு, "இவ எங்கயும் ஒளியத் தேவையில்ல" என்றார். அதன்பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை புத்தளம் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண் சட்டத்தரணியிடம் போனோம். உடப்பைச் சேர்ந்தவர். படத்தைப் பார்க்காமலே வேலையை ஆரம்பித்தார். ஆத்திரத்தில் எதையும் அழிக்கக் கூடாது, யாருக்கும் அனுப்பிக் காட்டவும் கூடாது என்றார். பதிவின் இணைப்பு, அந்தக் கணக்கின் முகவரி, திகதி, நேரம் எல்லாம் தெரியத் திரையைப் படம்பிடித்துக்கொண்டோம். கணக்கின் பெயரை எந்த நேரமும் மாற்றலாம் என்பதால் இணைப்புத்தான் முக்கியமாம். குழுவில் அதைப் போட்ட தொலைபேசி இலக்கத்தையும் எழுதி எடுத்தோம்.

முதல் நாளே நான் பொய்க் கணக்கு இருந்த சமூக வலைத்தளத்துக்கு முறையிட்டிருந்தேன். விதிமீறல் இல்லை என்று பதில் வந்திருந்தது. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்ற பொதுவான தெரிவை அழுத்தியதே பிழை. சட்டத்தரணியின் முன்னாலேயே, சம்மதமின்றிப் பகிரப்பட்ட அந்தரங்கப் படம் என்ற பிரிவிலும், என்னைப்போல் நடிக்கும் கணக்கு என்ற பிரிவிலும் மறுபடி முறையிட்டேன். படத்தை எங்கும் ஏற்றாமல், நம் போனிலேயே அதற்கு எண்வடிவக் கைரேகை போன்ற ஒன்றை உண்டாக்கி, அதை மட்டும் அனுப்பும் இலவசச் சேவையையும் அவர் காட்டித் தந்தார். அதில் சேர்ந்துள்ள தளங்களில் அதே படம் திரும்ப ஏறினால் அடையாளம் கண்டு தடுக்கலாம். "போன்களில இறங்கினத இது அழிக்காது" என்றும் மறைக்காமல் சொன்னார்.

பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த பெண் அதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். நான் சொல்லச் சொல்லச் சிங்களத்தில் எழுதினார். கையொப்பமிடப் பேனையை நீட்டியபோது வாசித்துப் பார்த்தேன். 'முறைப்பாட்டாளரின் நிர்வாணப் படம்' என்று இருந்தது. பேனையை மேசையில் வைத்தேன்.

"மிஸ், இது என்ட படம் இல்ல. என்ட முகத்த ஒட்டிச் செஞ்ச பொய்ப் படம். அப்படி எழுதுங்க."

எழுதி முடிந்துவிட்டது, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றார். நான் எழும்பவில்லை. தமிழில் வாக்குமூலம் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது, தமிழ் எழுதத் தெரிந்தவர் வரும்வரை இருப்பேன் என்றேன். சட்டத்தரணியும் பக்கத்துக் கதிரையில் சாய்ந்துகொண்டார். ஒன்றரை மணித்தியாலம் கழித்துத் தமிழ்ப் பொலிஸ்காரர் ஒருவர் வந்து புதிதாக எழுதினார். ஒவ்வொரு வரியையும் வாசித்த பின்தான் கையொப்பமிட்டேன். முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு வாங்கினேன்.

அந்தப் பொய்க் கணக்கைத் தளம் மூன்றாம் நாள் நீக்கிவிட்டது. கணினிக் குற்றங்களை விசாரிக்கும் பிரிவுக்கு என் முறைப்பாட்டுக் கோவை போனது. பொலிஸார் நீதவானுக்கு அறிக்கையிட்டு, குழுவில் படத்தைப் போட்ட இலக்கத்தின் உரிமையாளர் விபரங்களைத் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து பெறக் கட்டளை வாங்கினார்கள். இதற்குப் பல வாரங்கள் போயின. வந்த பெயர், இரண்டு தெரு தள்ளி விஞ்ஞான வகுப்பு நடத்திய ஓர் ஆசிரியருடையது. அவரிடமிருந்து பிள்ளைகள் என்னிடம் மாறி வந்தது உண்மை. வேறு பகை எங்களுக்குள் இருந்ததில்லை. பொலிஸார் அவர்மீது வழக்குத் தாக்கல் செய்தார்கள்.

அவருடைய மனைவி வீட்டுக்கு வந்து, வழக்கை விட்டுவிடும்படி கேட்டாள். அவளும் என்னைப்போல இரவுகள் தூங்காதவள் என்று முகத்தில் தெரிந்தது. தேத்தண்ணி கொடுத்தேன். "உங்களோட எனக்குக் கோவம் இல்ல, தங்கச்சி. வழக்க மட்டும் விட மாட்டன்" என்றேன். குடிக்காமலே போனாள்.

வழக்கு இன்னும் தவணை தவணையாகப் போகிறது. ஒவ்வொரு தவணைக்கும் நான் நீதிமன்றம் போகிறேன். படம் பரவியதும் வகுப்பை விட்டு நின்ற பதினொரு பிள்ளைகளில் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். போன கிழமை உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளையை எடுத்து, இப்படி ஒன்று வந்தால் எந்தப் பொத்தானை அழுத்துவது, எதை அழிக்காமல் வைப்பது என்று கரும்பலகையில் எழுதினேன். அவர்கள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.