சிசியில் யார் பெயர்

கருவடிக்குப்பத்துக் கலைமகள், சோலார் வாட்டர் ஹீட்டர் விற்கும் கம்பெனியில் ஆறு வருடமாக விற்பனைப் பிரிவில் இருக்கிறாள். மில் தொழிலாளியின் மகள். லேசில் யாருக்கும் பயப்பட மாட்டாள். ஆனால் மெயிலில் இன்னொருவருக்கும் நகல் போகும்படி சிசி போடுவதென்றால் மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பாள்.

லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி விடுதியின் ஆர்டர் அந்த மாதம் கிடைத்தால்தான் அவளுக்கு ஏரியா பொறுப்பு. விலை விவரம் அனுப்பிப் பதினாறு நாளாகியும், விடுதிக்குப் பொருள் வாங்கும் சக்கரபாணியிடமிருந்து பதிலே இல்லை.

"அவரோட மேனேஜர் நிர்மலாதேவி மேடத்த சிசில போட்டு ஒரு ரிமைண்டர் தட்டு. அலறியடிச்சிகிட்டு பதில் போடுவாரு," என்றார் கலைமகளின் மேலாளர் அருள்முருகன்.

"போடுவாரு சார். அந்தக் கடுப்புல ஆர்டர வேற கம்பெனிக்குக் குடுத்துடுவாரு."

மேலிடத்தில் போட்டுக்கொடுப்பவள் என்ற பெயர் அவளுக்கு அறவே ஆகாது. போனை எடுத்தாள். சக்கரபாணி தயங்கித் தயங்கித்தான் விஷயத்துக்கு வந்தார்.

"பழைய பில்டிங்கும்மா. தண்ணி ரொம்புன டேங்க மாடி தாங்குமான்னு மேடம் கேப்பாங்க. நான் என்னா சொல்றது?"

"அத எங்க இன்ஜினியர் முகிலன் நேர்ல வந்து பாத்து சொல்லட்டும் சார், அவர சிசில போடறேன். மேடத்தையும் போடலாமா? நீங்க வேணாம்னா போடல."

"போடும்மா. நான் கேட்ட கேள்வின்னு அவங்களுக்கும் தெரியட்டும்." அவர் குரலில் தெம்பு வந்துவிட்டது.

மெயில் சக்கரபாணிக்கு, சிசியில் மேடமும் முகிலனும். மாடியைப் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி என்று முதல் வரியிலேயே எழுதினாள்.

"என்னைய பிசிசில போட்டுரு, யாருக்கும் தெரியாது," என்றார் அருள்முருகன்.

"நீங்க ரிப்ளை ஆல் அமுக்குனா எல்லாருக்கும் போயிடும் சார். அனுப்பிட்டு, உங்களுக்குத் தனியா ஃபார்வர்டு பண்றேன்."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. ரிப்ளை ஆல் அமுக்குவது அவருடைய கைப்பழக்கம் என்பது ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது: 'சக்கரபாணிக்கு நல்லா ஐஸ் வச்சிட்ட. மேடமும் மடங்கிடும்.' அதையும் ரிப்ளை ஆலில்தான் அனுப்பியிருந்தார். ஃபார்வர்டு செய்த மெயில் என்பதால் கலைமகளுக்கு மட்டும் வந்து நின்றது. பிசிசியில் போட்டிருந்தால் மேடத்துக்கே போயிருக்கும். அவருடைய கணினியிலேயே அந்த மெயிலைத் திறந்து, பெறுநர் இடத்தில் தன் பெயர் மட்டும் இருப்பதைக் காட்டினாள்.

மாலையில் மேடம் எழுதினார்: 'நல்ல கேள்வி, சக்கரபாணி. மாடி தாங்குமென்றால் நீங்களே முடிவு செய்யுங்கள்.'

முகிலன் போய்ப் பார்த்தான். மாடி தாங்கும் என்றான். அந்த வாரமே சக்கரபாணி ஆர்டரை அனுப்பிவிட்டார். ஏரியா பொறுப்பும் கலைமகளுக்கு வந்தது.

அருள்முருகன் வாழ்த்து மெயில் அடித்து முடித்துவிட்டு, எழுந்து அவள் மேஜைக்கு வந்தார்.

"இத யார் யாருக்கு அனுப்பறதும்மா?" என்றார்.