மேடமைச் சேர்த்துள்ளேன்

"மெயில்ல புதுசா ஒருத்தர சிசியில இழுத்தா, எதுக்குன்னு ஒரு வரி எழுதக் கூடாதாய்யா? அடியில தொங்குற பழைய மெயில் வாலையாச்சும் பாக்கக் கூடாதா?"

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பொறுப்பாளர் இதை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது புலம்பாமல் இருந்ததில்லை. அதனாலேயே அவர் 'சிசி சார்'. ஒரே ஒரு 'ஓகே'வை ரிப்ளை ஆலில் எல்லோருக்கும் தட்டினவன் அன்று அவரிடம் பாட்டு வாங்காமல் டீ குடித்த மாதிரிதான். குடோன்காரர் மூக்கைச் சுருக்கி, "வாலு... வாலு..." என்று அவர் குரலிலேயே இழுப்பார். ஆபீஸே குலுங்கும்.

அந்தக் காலை, பெட்டி வாங்கும் சோப்புக் கம்பெனி மேடம் போனில் கேட்டார்: "லாரி எப்ப சார் வருது?"

லாரி விவரம் ஆபீஸுக்குள் ஓடிக்கொண்டிருந்த மின்மடலில் இருந்தது. அவசரத்தில் சார் அதிலேயே ரிப்ளை ஆல் அமுக்கினார். சிசியில் மேடம். மேலே, 'மேடமைச் சேர்த்துள்ளேன். லாரி மதியம் வரும்.' அனுப்பியாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மேடத்தின் பதில், எல்லோருக்கும்:

'சேர்த்ததற்கு நன்றி. கீழே இருந்ததையும் படித்தேன். பெட்டி அளவை நான் மாற்றவில்லை. நான் கொடுத்த அளவை இணைத்துள்ளேன்.'

சார் கீழே உருட்டினார். போன வாரம் அவரே எழுதியது: 'அம்மணிக்கு ஸ்கேலே பிடிக்கத் தெரியாது போல. மாசத்துக்கு ஒரு அளவு!' அதற்கடியில் குடோன்காரரும் இன்னும் மூன்று பேரும் போட்ட சிரிப்புப் பொம்மைகள். இணைப்பைத் திறந்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் தப்பாக ஏற்றியது அவரேதான்.

திரும்பப் பெறும் பொத்தானைத் தேடினார். வெளிக் கம்பெனிக்குப் போனது திரும்பாது என்று ஊருக்கே பாடம் எடுத்தவர் அவர்தான். குடோன்காரர் அன்று வாலை இழுக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மேடத்துக்கு மட்டும் ஒரு மன்னிப்பு எழுதினார். எதிர் சீட்டு கணக்கர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏன் சார், திட்டினது எல்லாருக்கும், மன்னிப்பு மட்டும் ரகசியமா?"

"நீங்க வேற ஏன்மா குத்துறீங்க..." என்றார். ஆனால் எழுதியதை அழித்தார்.

பழைய மடலைத் தொடாமல் புதிதாக ஒன்று தொடங்கினார். வாலில்லாமல். பெறுநர் மேடம், சிசியில் பழைய மடலில் இருந்த அத்தனை பேரும்.

'மேடம், உங்களைப் பற்றி நான் எழுதிய வரி கேவலமானது. அளவைத் தவறாக ஏற்றியதும் நான்தான். மன்னியுங்கள். அதைப் படித்த எல்லோரையும் இதில் சேர்த்திருக்கிறேன். சரியான பெட்டிகளை எங்கள் செலவில் அனுப்புகிறோம். யாரும் பதில் எழுத வேண்டியதில்லை.'

அனுப்பிவிட்டுத் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. மேடம்.

"எனக்கு மட்டும் எழுதியிருந்தாலே போதுமே சார். இத்தனை பேர் முன்னாடி ஏன் உங்கள நீங்களே அசிங்கப்படுத்திக்கிறீங்க?"

சார் இப்போதுதான் தலை நிமிர்ந்தார்.

"உங்கள நினைச்சு நாலு பேர் சிரிச்சாங்க மேடம். இனிமே என்னைப் பாத்து சிரிக்கட்டும். நியாயமா அது எனக்கு வர வேண்டிய சிரிப்பு, தப்பான அட்ரஸுக்குப் போயிடுச்சு."