எட்டாவது புத்தகம்

ஞானசுந்தரி டீச்சருக்குப் புத்தகப் பட்டியல் போடத் தெரியாது என்று சொன்னவன் வாயில் மண்தான். உத்திரமேரூர் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் அவளைப்போலக் கணக்குப் பார்த்துப் புத்தகம் ஒதுக்குகிறவர்கள் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனாலும் அவள் போட்ட ஒரு பட்டியல்தான் செங்கேணி என்கிறவளைத் திரும்பவும் களத்து வேலைக்கு அனுப்பிவைத்தது. இதைப் பிறகு டீச்சரே பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

திருமுக்கூடல் பக்கத்துச் சேரியில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, டிரெயினிங் முடித்து, சமூகக் கல்வி அமைப்பாளர் ஆனவள். நாற்பது வயது. ஆபீசில் அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அது கூடத்தில் அல்ல, ரிக்கார்டு அறையில்.

அறுபத்திரண்டாம் வருஷம் முதியோர் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆறு வாரப் பயிற்சி நடத்த உத்தரவு வந்தது. எட்டாவது தேறியவர்கள் சேரலாம், கடைசியில் எழுத்துத் தேர்வு, தேறியவர்களுக்கு ஆளுக்கொரு கிராமத்தில் பள்ளி. பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி செங்கேணி. இருபத்தொரு வயது, பகலில் கூலி வேலை. தேறினால் அவளுடைய சேரிப் பள்ளி அவளுக்கு. தேறாவிட்டால் அறுப்பும் களையெடுப்பும்தான், சாகிறவரைக்கும்.

டீச்சர் முதலில் புத்தகத்தைத் தொடவில்லை. எல்லாரையும்விட நேரம் குறைந்த செங்கேணியைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைப் படிக்கவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். புரிந்து படிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"வூட்ல எவ்ளோ நேரம் ஒக்காந்து படிப்ப?"

"வேலக்கிப் போறதுக்கு மின்ன ஒரு மணி நேரம் கெடைக்கும் டீச்சர். அதுக்கு மேல மேஸ்திரி வுட மாட்டாரு."

ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு பக்கம். ஆறு வாரத்தில் காய்ச்சல், சாவு, கல்யாணம் எல்லாம் கழித்து முப்பது நாள். முந்நூற்றறுபது பக்கம். அதில் மூன்றில் ஒரு பங்கைத் திரும்பப் படிக்கவும் குறிப்பெடுக்கவும் விட்டால் இருநூற்று நாற்பது. அதற்குள் அடங்குகிற மாதிரி மூன்று புத்தகங்களைப் பொறுக்கினாள்: பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் கையேடு, ஊர்ச் சுகாதாரம், பஞ்சாயத்துச் சட்டச் சுருக்கம். ஒவ்வொன்றிலும் நான்கு பிரதி வாங்கவைத்தாள். பன்னிரண்டு பேரை மூன்று குழுவாக்கி, ஒரு குழுவுக்கு ஒரு புத்தகம் இரண்டு வாரம், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டியது. யார் கையும் ஒருநாள்கூடச் சும்மா இருக்காது.

இந்த மட்டோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேர்வுத்தாள் தயாரிக்க நியமிக்கப்பட்டிருந்த ஹெட்மாஸ்டர் பாண்டுரங்கன் ஒருநாள் வந்து பட்டியலை மூக்குக்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு சிரித்தார்.

"மூணே மூணு பொஸ்தகமா டீச்சரம்மா? ஜில்லாவுல பாத்தா இன்னா நெனப்பாங்க? உங்காளுங்களுக்கு இவ்ளோதான் ஏறும்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி கீது."

அந்த 'உங்காளுங்க' டீச்சரைச் சுட்டது. நாற்பது வருஷமாகச் சுட்டுக்கொண்டிருந்த சொல்தான். அன்று மட்டும் தாங்கவில்லை. ரோஷத்தில் 'விரும்புவோர் மேலும் படிக்க' என்று இரண்டாம் பகுதி ஒன்று போட்டு, கிளை நூலகத்தில் ஒற்றைப் பிரதியாகத் தூங்கிக்கொண்டிருந்த புத்தகங்களை வரிசையாக எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் எதற்காகப் படிக்கலாம் என்று ஒரு குறிப்பு. எட்டாவதாக டென்மார்க் நாட்டுக் குடியானவர் பள்ளிகளைப் பற்றி ஒன்று, இருநூற்றுப் பத்துப் பக்கம். டிரெயினிங்கில் அதைப் படித்துக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள் அவள். அது இல்லாமல் பட்டியல் மொட்டையாகத் தெரிந்தது அவளுக்கு.

டைப் அடிக்கிற வேதகிரி காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"டீச்சர், பிரதி எடுக்க ஒரு ஸ்டென்சிலுக்கு மேல குடுக்க மாட்டாங்க. ஒரே பக்கத்துல கடைசி வரி அடங்கல. இன்னாத்த எடுக்கட்டும்?"

கடைசி வரி இதுதான்: 'தேர்வு முதல் பகுதியிலிருந்து மட்டும்.' எடுக்க வேண்டியது ஒன்று, எட்டாவது புத்தகம் அல்லது அந்த வரி.

"வரிய எடுத்துடு. நான் வாயால சொல்லிக்கறேன்."

சொன்னாள். வகுப்பில் சொன்னாள், பாண்டுரங்கனிடமும் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். மூன்றாவது வாரம் செங்கேணிக்குச் சந்தேகம் வந்தது.

"அந்த எட்டையும் படிக்கணுமா டீச்சர்? நம்ம கிளாசுல கீற மணியக்காரர் மவன் சின்னராசு நூலகத்துலேந்து எட்டையும் எடுத்துக்கினு போயிட்டான்."

"வாணாம். உன் மூணையும் நல்லாப் படி."

அவள் நன்றாகத்தான் படித்தாள். தை மாசம், அறுப்பு. நெல்தாள் கிழித்த கையோடு வந்து உட்கார்ந்து, கையேட்டில் எந்தப் பக்கம் கேட்டாலும் சொன்னாள்.

தேர்வுத்தாளில் பத்துக் கேள்வி, தேற ஆறுக்காவது பதில் வேண்டும். ஐந்து முதல் பகுதியில், ஐந்து இரண்டாம் பகுதியில். டென்மார்க்கிலிருந்தே ஒன்று. செங்கேணி முதல் ஐந்தையும் அழகாக எழுதிவிட்டு, மீதியைப் பார்த்துக்கொண்டே மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். டீச்சர் ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டாள்.

"வாயால ஆயிரம் சொல்லலாம்மா. லிஸ்ட்ல கீது, கேட்டேன். வாணாம்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க."

காட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஆபீசில் பத்து வருஷம் குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா, காகிதத்தில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று? தெரிந்துதான் அந்த வரியை எடுத்தாள். ஜில்லாவுக்கு மனு எழுதினாள். பட்டியலைப் பார்த்தோம், தாள் பட்டியலுக்கு உட்பட்டதே என்று பதில் வந்தது.

தேறியவர்கள் மூன்று பேர். செங்கேணியின் சேரிப் பள்ளி சின்னராசுக்குப் போயிற்று. அவன் சேரிக்குள் காலெடுத்து வைக்கவில்லை. ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று, போகிற வருகிறவர்களிடம் பெயர் கேட்டு ரிஜிஸ்தரை நிரப்பிக்கொண்டு போனான். பாவி, அதற்கும் அவனுக்கு நல்ல பெயர்.

டீச்சர் செங்கேணியைத் தேடிப் போகவில்லை. போக முகமில்லை. அவளேதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிக்கார்டு அறை சாவியோடு நின்ற டீச்சரை வழிமறித்தாள்.

"அந்த எட்டாவது பொஸ்தகத்தக் குடுங்க டீச்சர். அதுல அப்படி இன்னாதான் கீதுன்னு பாக்குறேன்."

டீச்சர் நூலகத்திலிருந்து தன் பெயரில் எடுத்துக் கொடுத்தாள். பத்து வாரம் கழித்து, பழைய புடவைத் துணியில் சுற்றியபடி அது திரும்பி வந்தது. செங்கேணியின் முகத்தில் கோபம் இல்லை. அதைப் பார்க்கத்தான் டீச்சரால் முடியவில்லை.

"நல்லாத்தான் கீது. பத்து வாரம் ஆச்சி. நடவு நேரத்துல அஞ்சி வாரம் பொஸ்தகத்தத் தொடவே முடியல."

டீச்சர் துணியைப் பிரித்து மடித்தாள்.

"டீச்சர், அந்த ஊர்ல பயிர் வேலை ஓஞ்சி, குளிர்காலத்துலதான் குடியானவங்களுக்குப் பள்ளிக்கூடம் வெப்பாங்களாம். வேலை நேரத்துல வெச்சா ஏழைங்க வர முடியாதுன்னு. நம்மளுக்கு ஏன் டீச்சர் அறுப்புல வெச்சாங்க?"

மார்ச்சுக்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்று ஆபீசில் சொன்னார்கள், அதனால் வைத்தார்கள். டீச்சரும் சரி என்று கையெழுத்துப் போட்டாள். பரிசு வாங்கிய கட்டுரையில் அந்த நாட்டுப் பள்ளிகள் எந்த மாதத்தில் நடக்கும் என்று அவளே ஒரு பக்கம் எழுதியிருந்தாள்.

"நான் அதப் படிச்சிருக்கேன் செங்கேணி," என்றாள்.

செங்கேணி தலையாட்டிவிட்டு, நேரமாகிறது, மேஸ்திரி கத்துவார் என்று போனாள்.