நான் எழுதிய மூன்றாவது கடிதம்

பொய் என்று தெரிந்தே ஒரு தபால் கார்டு எழுதினேன். பிறகு அதே பொய்யை வாயாலும் சொன்னேன். எழுதியதைவிடச் சொன்னதுதான் பெரிய தப்பு. அந்தப் பொய்யால் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்த இரண்டு குடும்பங்கள் பிரிந்தன.

எழுபதுகளின் பிற்பாதி. விவசாயப் பட்டப்படிப்பு முடித்துவிட்டு, சேலத்தில் பவர் டில்லர் என்னும் கை உழவு இயந்திரம் விற்கும் ஒரு ஏஜென்சியில் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வயலில் வண்டியை ஓட்டிக் காட்டுவது, பிறகு ஆர்டர் வாங்கி வருவது, இரண்டும் என் பொறுப்பு.

மோகனூருக்குப் பக்கத்தில், வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைத்திருந்த ஒருவரின் வயலில் ஓட்டிக் காட்டினோம். நாற்பது வயதிருக்கும் அவருக்கு. எங்கள் மெக்கானிக் வண்டிக்கு இரும்புச் சக்கரத்தை மாட்டிச் சேற்றில் இறக்கினார். இரண்டு சுற்றுக்குப் பிறகு வயல்காரரே கைப்பிடியை வாங்கிக்கொண்டார். திருப்பத்தில் ஒரு தடவை வண்டி அவரை இழுத்துக்கொண்டு போனது. வரப்பில் நின்ற அவர் மனைவி, "மாடாயிருந்தா நின்னிருக்கும்!" என்று சிரித்தார். அவரும் சிரித்தார். மதியத்துக்குள் வயல் நடவுக்குத் தயாராகிவிட்டது. கிழக்குத் தோட்டத்துக்காரர், அவருடைய பெரியப்பா மகன், தோளில் துண்டோடு கடைசி வரை வரப்பிலேயே நின்று பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"நல்லா இருக்குதுங்க. கலந்துக்கிட்டு ஒரு வாரத்துல சொல்லி அனுப்பறேனுங்க" என்றார் வயல்காரர்.

யாரோடு கலந்துகொள்ளப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. எந்த நாளில் நான் வந்து கேட்கலாம் என்றும் கேட்கவில்லை. காரியம் முடிந்துவிட்டதென்றே நினைத்தேன். திரும்பும் வழியில் மெக்கானிக்தான் சொன்னார்: "சார், பொண்ணு பாத்துட்டுப் போய்ச் சொல்லி அனுப்பறோம்னு சொல்ற மாதிரி இருக்குதுங்க."

மறுநாளே இன்லண்ட் லெட்டர் ஒன்று எழுதினேன். அது நல்ல கடிதம்தான். வயலில் ஓட்டிக் காட்ட விட்டதற்கு நன்றி, அவர் கேட்டிருந்த பெல்ட்டும் கத்திகளும் நாமக்கல்லிலேயே கிடைக்கும், பழுதானால் மெக்கானிக் இரண்டு நாளில் வருவார், அவ்வளவுதான். ஒரு வாரம் பதில் இல்லை. எட்டாம் நாள் ஒரு கார்டு: "தங்கள் மேலான ஆர்டரை எதிர்நோக்கியுள்ளோம்." இன்று படித்தால் எனக்கே கூசுகிறது. அதில் அவருக்கென்று ஒரு வார்த்தை கூட இல்லை. எனக்கு வேண்டியதை மட்டும் கேட்டிருந்தேன். அதற்கும் பதில் இல்லை.

பதினைந்தாம் நாள் நேரில் போனேன். "ஊட்ல இல்லீங்க" என்றார் அவர் மனைவி. வாசலில் அவர் செருப்பு கிடந்தது. நான் அதைப் பார்த்ததை அந்த அம்மாவும் பார்த்துவிட்டார். திரும்பி நடந்தேன்.

சேலத்தில் மேனேஜர் காத்திருந்தார். "மாசக் கடைசிக்குள்ள அந்த வண்டி போகலேன்னா அதை ஈரோட்டுக் கிளைக்கு அனுப்பிடுவேன். உன் கன்ஃபர்மேஷன் பேப்பரும் என் மேசையிலதான் இருக்கு" என்றார்.

அன்று சாயங்காலம் மூன்றாவது கடிதத்தை ஒரு கார்டில் எழுதினேன். "தங்கள் கிழக்குத் தோட்டத்துக்காரர் நேற்று எங்கள் அலுவலகத்துக்கு வந்து பதிவு செய்துகொண்டார். தங்களுக்கும் ஒரு வண்டி வேண்டுமானால் நான்கு நாளுக்குள் தெரிவிக்கவும்." இன்லண்ட் லெட்டர் மேசையில் இருந்தது. வேண்டுமென்றே கார்டை எடுத்தேன். கார்டென்றால் தபால்காரர் படிப்பார், டீக்கடையில் சொல்வார், வயல்காரருக்கு ரோஷம் வரும் என்று கணக்குப் போட்டேன்.

நான்காம் நாள் வயல்காரர் முதல் பஸ்ஸில் சேலத்துக்கு வந்து இறங்கினார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"எங்கண்ணன் எப்பங்க வந்தாரு?"

அப்போது கூட உண்மையைச் சொல்லியிருக்கலாம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதன்கிழமைங்க."

"தனியாத்தான் வந்தாரா?"

"ஆமாங்க."

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. எதையோ கேட்க வந்து, அதை விட்டுவிட்டவர் போல இருந்தார். பேனாவை வாங்கி, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த மெக்கானிக் என்னோடு டீ குடிக்க வரவில்லை. மூன்றாம் நாள்தான் அங்கே கேட்டதைச் சொன்னார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரே வண்டி வாங்குவதாக முடிவு செய்திருந்தார்கள். அண்ணன் கரும்பை வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து உத்தரவு வந்தால்தான் அவர் பங்குப் பணம் கையில் சேரும். அதுவரை வெளியில் மூச்சு விடாதே என்று அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி எனக்குப் பதில் எழுதாததற்குக் காரணம் அதுதான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்ததும், முகத்துக்கு நேராகப் பொய் சொல்ல முடியாமல்தான்.

"நான் சேலம் பக்கமே போகலடா" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். "ஆபீசுலயே கிழமை சொன்னாங்கண்ணா" என்று தம்பி சொல்லியிருக்கிறார். வண்டியைத் தனக்கே வைத்துக்கொள்ளத் தம்பி ஜோடித்த கதை என்று அண்ணன் நம்பிவிட்டார். பொதுக் கிணற்றில் முறைத் தண்ணீரைப் பேசித் தீர்த்துக்கொண்டவர்கள், அதற்குப் பிறகு பண்ணையாளை அனுப்பிக் கேட்டுக்கொண்டார்கள். தையில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். தம்பி குடும்பம் போகவில்லை.

எனக்கு வேலை நிரந்தரமானது. பதினொரு மாதம் நான் சும்மா இருந்தேன். இதை மழுப்பி எழுத மனமில்லை. ஒவ்வொரு முறை மோகனூர் பஸ்ஸைப் பார்க்கும்போதும் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

கடைசியில் மேனேஜரிடம் சொன்னேன். "வித்த வண்டிக்கு எதுக்குப்பா பேச்சு?" என்றார். அன்றே இரண்டு கார்டு வாங்கினேன். இரண்டிலும் ஒரே வாசகம்: "தங்கள் அண்ணன் பதிவு செய்ததாக நான் எழுதியது பொய். புதன்கிழமை வந்தார் என்று சொன்னதும் பொய். அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்ததே இல்லை. விற்க வேண்டும் என்பதற்காகச் செய்தேன். உங்கள் இருவர் மேலும் தப்பில்லை." அண்ணனுக்கு எழுதியதில் "தங்கள் அண்ணன்" என்பதை மட்டும் "தாங்கள்" என்று மாற்றினேன். ஊர் படிக்கட்டும் என்றுதான் இந்த முறையும் கார்டை எடுத்தேன்.

பதில் வரவில்லை. எட்டாம் நாள் இன்னொன்று எழுதக் கை போனது. எழுதவில்லை. மன்னிப்புக் கேட்டவன் பதிலையும் அவசரப்படுத்தக் கூடாது என்று தோன்றியது. ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு தடவை நேரில் போனேன்.

அண்ணன் கிணற்று மேட்டில் நின்றிருந்தார். "கார்டு வந்துச்சு" என்றார்.

"தப்பு பண்ணிட்டேனுங்க."

"எம் பொண்ணு கண்ணாலத்துக்குச் சித்தப்பன் வரல. அதை எந்தக் கார்டுல எழுதுவீங்க?"

கைகூப்பினேன். "வெயிலு ஏறுது, பஸ்ஸைப் புடிங்க சாமி" என்றார். அதில் கோபம் இருந்ததா, இரக்கம் இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

தம்பி அன்று வாசலிலேயே இருந்தார். உள்ளே கூப்பிடவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் கொடுத்தார். "நானும் ஒரு கடுதாசி போட்டிருக்கோணும். இன்னும் கொஞ்ச நாளாகும்னு ஒரு வரி. போடாம உட்டுட்டேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஏச்சு வாங்குவதைவிடக் கடினமாக இருந்தது.

அடுத்த ஆடியில் சர்வீசுக்குப் போன மெக்கானிக், இருவரும் கிணற்றடியில் நின்று பேசிக்கொண்டிருந்ததாக வந்து சொன்னார். ஆனால் தம்பியின் வண்டி வரப்பைத் தாண்டி அண்ணன் வயலுக்குப் போகவில்லை. அண்ணன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கரூரில் வேறு கடையில் தனக்கென்று ஒரு வண்டி எடுத்துவிட்டார். ஒரு வண்டி போதுமான நிலத்தில் இரண்டு வண்டிகள் ஓடின.