பெரிய கிரி, சின்ன கிரி

மலேசியாவின் சிலிபினில் நானும் ஒரு அண்ணனும் சேர்ந்து முப்பரிமாண அச்சுக் கடை வைத்திருக்கிறோம். வரைவது அவர், மற்ற எல்லாம் நான். ஃப்ரீகேட் என்ற வரைவு மென்பொருளில் வரைந்த ஒவ்வொரு துண்டையும், அதாவது பாடியையும், தேர்ந்தெடுத்து, எக்ஸ்போர்ட் கொடுத்து, பெயர் தட்டி அச்சுக்கான எஸ்டிஎல் கோப்பாக்குவார். ஓர் அளவு மாறினால் மறுபடி முதலிலிருந்து. வேலை செய்வதாக நினைப்பு.

பொறுக்க முடியாமல், இதையெல்லாம் தானே செய்ய ஒரு மேக்ரோ, குட்டி நிரல், எழுதினேன். ஆவணத்தில் உள்ளவற்றில் பாடிகளை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றின் லேபிளையும் கோப்பின் பெயராக்கித் தனித்தனி எஸ்டிஎல்லாகச் சேமிக்கும். இவர் வைத்திருந்த லேபிள்களோ பாடி, பாடி001, பாடி002. பெற்ற பிள்ளைக்கும் எண் போட்டுத்தான் கூப்பிடுவார் போலிருக்கிறது.

"பேரு வைங்க அண்ணே. அதைத்தான் மேக்ரோ எடுக்கும்."

"சரி லா, வெச்சிட்டாப் போச்சு."

அப்போது கையில் ஒரு அக்காவின் காவடி வேலை இருந்தது. தோளில் அறுவை சிகிச்சை ஆனவர். பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தைப்பூச நேர்த்திக்கடனை விடவும் மனமில்லை. அலுமினியக் குழாய்களை நாங்கள் அச்சடிக்கும் இணைப்புகளில் செருகினால் கனமில்லாத காவடி. பெரிய வளைவுக்கு இடது, வலது என இரண்டு இணைப்புகள்; சின்ன வளைவுக்கும் அப்படியே.

சின்னவற்றைப் போன வாரமே அச்சடித்தாயிற்று. பெரியவை மட்டும் பாக்கி. அண்ணன் மேக்ரோவை ஓட்டினார், 'கிரி', 'கானான்' என்ற கோப்புகளை அச்சுக்குப் போட்டார், திரையில் அளவைக்கூடப் பார்க்காமல் தே தாரிக் குடிக்கப் போய்விட்டார். வந்தவை சின்ன இணைப்புகள்.

ஆவணத்தைத் திறந்து பார்த்தேன். இடதுக்கு மலாயில் கிரி, வலதுக்கு கானான், சரி. ஆனால் பெரிய துண்டுகளுக்குப் பெரிய K, சின்னவற்றுக்குச் சின்ன k! ஃப்ரீகேடுக்கு அவை வெவ்வேறு லேபிள்கள். விண்டோஸுக்கோ இரண்டும் ஒரே கோப்பு. பெரிய கிரியைச் சேமித்த கோப்பின் மேலேயே சின்ன கிரியையும் மேக்ரோ சேமித்துவிட்டது. பெயரில் பெரிய எழுத்து அப்படியே இருக்க, உள்ளே சின்னத் துண்டு. இப்படியும் ஒரு மூளை!

"பெரிசுக்குப் பெரிய எழுத்து. நியாயந்தானே?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுத்தின் அளவைப் பாராமல் பெயர்களை ஒப்பிட்டு, ஒன்றுபோல் இருந்தால் எதையும் சேமிக்காமல் நிற்கும்படி மேக்ரோவில் சில வரிகள் சேர்த்தேன். அதற்குள் அக்கா குழாய்களோடு வந்துவிட்டார். மறுநாளுக்கு மறுநாள் தைப்பூசம்.

"மேக்ரோ சொதப்பிடிச்சு அக்கா," என்றார் அண்ணன், கூசாமல்.

அக்கா சின்ன இணைப்பைப் பெரிய வளைவின் குழாயில் செருகப் பார்த்தார். நுழையவில்லை. அதை மேசையில் வைத்துவிட்டுக் கடையைச் சுற்றிப் பார்த்தார்.

"யாரு அந்த மேக்ரோ? கூப்பிடு அவன. என் வேண்டுதல அவனா வந்து தூக்கப் போறான்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அச்சு இயந்திரத்தைக் காட்டினேன். லேபிளை மாற்றிவிட்டுப் பெரிய கிரியைப் போடப் போனார்.