பதினொன்றாம் கேட்டின் ஒலிபரப்பு

அண்ணனுக்குக் கால் முறிந்துவிட்டது என்று மட்டும்தான் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடக்கிறான், மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். அண்ணன் சூரத்தில் ஜரிகைப் பட்டறையில் இருந்தான். அங்கே அவனோடு வேலை செய்கிற ஐயம்பேட்டைக்காரர் ஒருவர்தான் எனக்குப் போன் செய்தார். "தம்பி, உங்கப்பாவைக் கூட்டிக்கினு கிளம்பு. ஃபிளைட்டுலயே வந்துடு. ரயில் எல்லாம் வாணாம்" என்றார். ரயில் வேண்டாம் என்றதிலேயே மீதியும் எனக்குப் புரிந்துவிட்டது.

அம்மாவும் அண்ணியும் கால் முறிவு என்றே நம்பி, மாவுக்கட்டுப் போட்ட காலுக்குத் தோதாக இரண்டு வேட்டியை மடித்துப் பையில் வைத்தார்கள். ஏனாத்தூர் தாண்டும்வரை அப்பா அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தார். காலில் கம்பி வைப்பார்களா, வைத்தால் எத்தனை மாசம் உட்காரணும், அதுவரை இங்கேயே வந்து கிடக்கட்டுமே என்று காரில் பேசிக்கொண்டே வந்தார். நான் எல்லாவற்றுக்கும் "ம்" போட்டேன்.

அப்பாவுக்கு அதுதான் முதல் விமானம். எனக்கு இரண்டாவது. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியதும் நான்தான், கல்லூரிக்குப் போனதும் நான்தான். அதனால் பலகையைப் படிப்பது, கவுண்டரில் பேசுவது, எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்வது எல்லாம் என் பொறுப்பு. அப்பா என் சட்டையின் பின்பக்கத்தை லேசாகப் பிடித்துக்கொண்டு வந்தார்.

சோதனை எல்லாம் முடிந்து உள்ளே போனால், விமானம் தாமதம் என்று போட்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று இல்லை. அந்த விமான நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பதை நிறுத்திவிட்டார்கள். திரையைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு கேட்டிலும் ஒட்டியிருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, அந்த கேட்டின் அறிவிப்பை நம்முடைய இயர்பட்ஸிலேயே கேட்கலாம். பக்கத்தில் அந்த முறையின் பெயராக ஆரகாஸ்ட் என்று எழுதி, ஒரு காதும் அலைகளும் வரைந்திருந்தது.

நான் எங்கள் ஊரில் மொபைல் கடையில் சர்வீஸ் பிரிவில் இருக்கிறேன். இந்த வசதி உள்ள போனும் பட்ஸும் என்னிடம் இருந்தன. கடைக்கு எதிரே புதிதாக வந்த ஜிம்மில் டிவிகளைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு இதே முறையில்தான் ஒலியைத் தருகிறார்கள். அங்கே எத்தனையோ பேருக்கு இணைத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் யோசிக்காமல் ஸ்கேன் செய்தேன். போன் அந்த ஒலிபரப்பைத் தேடிப் பட்ஸுக்கு வழிகாட்டியது. "கேட் 11" என்று திரையில் வந்தது. தொட்டதும் சேர்ந்துவிட்டது.

பக்கத்து நாற்காலியில் ஒரு கல்லூரிப் பையன் தானும் முயன்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, எனக்கு ஸ்கேன் பண்ணா ஒண்ணுமே வர மாட்டேங்குது."

அவன் பட்ஸை வாங்கிப் பார்த்தேன். "இது பழைய மாடல்பா. போன் மட்டும் புதுசா இருந்தா போதாது, பட்ஸுலயும் அந்த வசதி இருக்கணும். போன் தேடித்தான் குடுக்கும், ஒலியைப் பிடிக்கிறது பட்ஸுதான்."

"வாங்கும்போது எல்லாத்துக்கும் செட்டாவும்னான் அண்ணா கடைக்காரன்."

"கடைக்காரன் அப்படித்தான் சொல்லுவான். நானே சொல்லியிருக்கேன்."

அவன் சிரித்தான். அப்பாவும் என்னவென்று தெரியாமலே சிரித்தார். அவருக்கு இடது காது சின்ன வயதில் சீழ் பிடித்துப் போனது. வலது காதிலும் கிட்டே போய்ப் பேசினால்தான் விழும். எனக்கு ஒரு யோசனை வந்தது. வலது பட்ஸை அப்பாவின் காதில் வைத்து, இடதை நான் வைத்துக்கொண்டு, ஒலியைக் கூட்டினேன். கொஞ்ச நேரம் எதுவுமில்லை. பிறகு ஒரு பெண் குரல், தமிழில், இன்னும் தாமதம், பயணிகள் காத்திருக்கவும் என்றது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பக்கத்துல உக்காந்துக்கினு பேசறா மாதிரி இருக்குதுடா. பேர் சொல்லிக் கூப்பிடுவாளா?"

"பேரெல்லாம் அவங்களுக்குத் தெரியாதுபா. யார் கேக்கறாங்க, எத்தனை பேர் கேக்கறாங்கன்னுகூடத் தெரியாது."

அறிவிப்பு முடிந்ததும் மறுபடி அமைதி. அப்பா உடனே என் தோளைத் தட்டினார். "அறுந்துடுச்சுபா." அப்பா தறிக்காரர்; சத்தம் நின்றால் அவருக்கு இழை அறுந்ததாகத்தான் அர்த்தம். ஓடிப்போய்ப் பார்ப்பதுதான் பழக்கம்.

"அறுந்துபோவலப்பா. பேசறதுக்கு இருந்தா பேசுவாங்க. இல்லன்னா சும்மா இருக்கும்."

"சரி சரி." பிறகு அடுத்த அறிவிப்பில், குரல் வந்ததும், அப்பா சத்தமாக, "அம்மா, சூரத்து போறது எப்பமா எடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டார். முன்வரிசையில் நாலைந்து பேர் திரும்பினார்கள்.

நான் அவர் கையை அழுத்தினேன். "அப்பா, இது போன் இல்ல. ரேடியோ மாதிரி. அவங்க பேசறது உனக்குக் கேக்கும், நீ பேசறது அவங்களுக்குப் போவாது. காதுல எது வந்தாலும் நீ பதில் சொல்ல வாணாம். கேட்டுக்கினு மட்டும் இரு. கேட்டு நம்பர் மாத்தினா சொல்லுவாங்க, எனக்குச் சொல்லு."

"எது வந்தாலும்?"

"எது வந்தாலும்."

அப்பா தலையை ஆட்டினார். ஒரு வேலை கிடைத்துவிட்ட நிம்மதி முகத்தில் தெரிந்தது.

தாமதம் நீண்டுகொண்டே போனது. நான் கவுண்டரில் கேட்டுப் பார்க்கலாம் என்று எழுந்தேன். மனிதர்களிடம் பேசப் போகிறோம் என்று என் பட்ஸைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். அப்பாவிடம் கேட்டுக்கொண்டிரு என்று சைகை காட்டினேன். அவர் கையை உயர்த்திக் காட்டினார். கவுண்டர் பெரிய தூரமில்லை. அங்கிருந்து திரும்பினால் அப்பா தெரிவார்.

வரிசையில் நிற்கும்போது கையிலிருந்த போன் அதிர்ந்தது. ஐயம்பேட்டைக்காரர். பச்சைப் பொத்தானைத் தொட்டுக் காதில் வைத்தேன்.

"ஹலோ, சொல்லுங்கண்ணா."

ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணா? ஹலோ? கேக்குதா?"

சிக்னல் இல்லையோ என்று கண்ணாடிப் பக்கம் நகர்ந்தேன். மறுபடி ஹலோ என்றேன். திரையைப் பார்த்தால் அழைப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தத் திரையின் கீழே ஒலி எங்கே போகிறது என்று காட்டுகிற இடத்தில் என் பட்ஸின் பெயர் இருந்தது.

தினமும் கடையில் அடுத்தவர்களுக்குச் சொல்கிற விஷயம் இது. பட்ஸ் ஒலிபரப்பில் இருந்தாலும் போனோடு அதற்குள்ள தொடர்பு போவதில்லை. அழைப்பு வந்தால் ஒலிபரப்பு நின்று, அழைப்பு பட்ஸுக்குத்தான் போகும்; பேசுவதையும் பட்ஸின் மைக்தான் எடுக்கும். போனைக் காதில் வைத்தாலும் போகாமல் இருக்காது.

திரும்பிப் பார்த்தேன். அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். வலது கையால் காதை லேசாக அணைத்திருந்தார். உதடு அசையவில்லை. கண் மட்டும் எதிரில் இருந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் ஒலியைப் போனுக்கு மாற்றத் தொட்டேன். அதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

அப்பாவிடம் ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நடந்தேன். மெதுவாகத்தான் நடந்தேன். ஒவ்வொரு நாற்காலி வரிசையையும் சுற்றிக்கொண்டு போனேன். கல்லூரிப் பையன் காலை மடக்கி வழிவிட்டான்.

"அப்பா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாராவது பேசினாங்களாபா? என்ன சொன்னாங்க?"

"இப்ப நின்னுபோச்சு. திருப்பிப் போட்டுவிடுபா. கேட்டு மாத்தினா தெரியணும்ல."

குரலில் எந்த மாற்றமும் இல்லை. ஒருவேளை அவருக்குச் சரியாக விழவில்லையோ என்று ஒரு நிமிடம் நம்பினேன். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டே, கேட் 11-ஐ மறுபடி தொட்டு இணைத்தேன். ஐயம்பேட்டைக்காரரைத் திருப்பி அழைக்க விரல் போனது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இப்ப வாணாம். உக்காரு."

உட்கார்ந்தேன். அப்பா பையைத் திறந்து, மடித்த வேட்டியை எடுத்துப் பார்த்து, மறுபடி உள்ளே வைத்தார். "சாப்டியா நீ?" என்றார். இல்லை என்றேன். "ஏதாவது வாங்கிச் சாப்டு. அங்க போனா முடியாது." பையனைப் பார்த்து, "தம்பி, எந்த ஊரு?" என்று விசாரித்தார். அவன் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் "நல்ல ஊரு" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா எழுந்து நின்றார். "கேட்டு மாறிடுச்சாம். நாலாம் நம்பராம்."

திரையில் அப்போதும் பதினொன்றுதான் இருந்தது. நாங்கள் நடக்க ஆரம்பித்த பிறகுதான் திரை மாறியது. இந்த முறை அப்பா என் சட்டையைப் பிடிக்கவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

நாலாம் கேட்டில் வரிசை நின்றபோது, என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"சூரத்துலேருந்து பேசினவன் உன்கிட்டன்னு நினைச்சுக்கினு பேசிட்டாம்பா. 'தம்பி தம்பி'ன்னான். நான் முதல்ல அந்தப் பொம்பளைக்குப் பதிலா வேற ஆளு பேசறாரோன்னு பார்த்தேன். அப்புறம் பெரியவன் பேரைச் சொன்னான்."

நான் கையிலிருந்த இரண்டு சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

"நீதான் சொன்னியே, எது வந்தாலும் பதில் சொல்லாத, போவாதுன்னு. அதான் சும்மா இருந்தேன். ஏன்டா ஒண்ணும் பேச மாட்டேங்கறேன்னு அழுதான் பாவம். 'முடிஞ்சுபோச்சு தம்பி, நீங்க வர்றதுக்குள்ள தாங்கல'ன்னான்."

வரிசை நகர்ந்தது. அப்பாவும் நகர்ந்தார்.

"கடைசியா என்ன சொன்னான் தெரியுமா? அப்பாகிட்ட இப்ப சொல்லிடாத தம்பி, வயசானவரு, இங்க வந்ததும் நான் பக்குவமா சொல்லிக்கிறேன்னான்."

சீட்டைக் கிழிக்கிற பெண் கையை நீட்டிக் காத்திருந்தாள். நான் இரண்டையும் கொடுத்தேன். அவள் ஹேப்பி ஜர்னி சார் என்றாள். அப்பா அவளுக்குக் கும்பிடு போட்டார்.

விமானத்துக்குப் போகிற பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றோம். "எனக்குத் தெரியும்பா" என்று சொன்னேன். "தலையில அடின்னு காலைலயே தெரியும்."

"நீ கார்ல 'ம்' கொட்டினப்பவே நினைச்சேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பிறகு காதிலிருந்து பட்ஸைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"அம்மாவுக்குப் போடு. ஏறிட்டா பேச முடியாது. சூரத்துக்காரன் முந்திக்கினு அவளுக்குப் போட்டுடப் போறான்."

போனை எடுத்தேன்.

"இரு. இதை முதல்ல அணைச்சிட்டுப் போடு."

பட்ஸைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். புளூடூத்தையும் அணைத்தேன். அணைந்துவிட்டதா என்று அப்பா எட்டித் திரையைப் பார்த்தார். அவருக்கு அதில் எதுவும் படிக்கத் தெரியாது. அணைஞ்சிடுச்சுபா என்று காட்டினேன்.

வீட்டுக்குப் போட்டேன். ரிங் போனது. என் காதில்தான் போனது.